மின்னழுத்தம் ஏறிப் பேரேடு போனால் வாடிக்கையாளருக்கு என்ன எழுதுவது?

"ஈரோட்டில் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். அக்டோபர் 15 அன்று மின்னழுத்தம் ஏறி அலுவலகக் கணினி போய்விட்டது. இரும்புக்கடை வாடிக்கையாளர் ஒருவரின் டாலி பேரேடுகள் அதில்தான் இருந்தன. ஆகஸ்ட் 31 வரை பேக்கப் இருக்கிறது, அதற்குப் பிறகு இல்லை. மாதத் தாக்கல் செய்கிறவர், செப்டம்பர் ஜி.எஸ்.டி.ஆர்-1 போட்டாகிவிட்டது, 3பி இன்னும் போடவில்லை. அவருக்குக் கடிதம் எழுத வேண்டும். என்ன சொல்வது, எப்படிச் சரிசெய்வேன் என்று எழுதுவது?"

இன்று தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். கடிதத்தை நாளை எழுதுங்கள். போனது எது, இருப்பது எது என்று உங்களுக்கே தெரியாத நிலையில் எழுதும் கடிதத்தில் மன்னிப்பைத் தவிர வேறொன்றும் இருக்காது. அவருக்குத் தேவையானது கணக்கின் நிலவரம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இதே போன்ற கடிதத்தை நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். அந்த ஒரு நாள் இடைவெளியில் செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன்.

கணினியை மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். நம் ஊர்களில் மின்னழுத்தம் ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம் தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுவதுதான். அப்போது 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரைகூட வரக்கூடும். முதல் அடியை வாங்குவது கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். பல நேரம் அதோடு சேதம் நின்றுவிடும். வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் எல்லாம் அப்படியே இருக்கும். வட்டு சுழலவே இல்லையென்றால் அதன் அடியில் உள்ள சர்க்யூட் பலகை போயிருக்கலாம். உள்ளே தகடுகளில் உள்ள தரவு பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். ஆனால் டிக், டிக் என்று தட்டும் சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அது படிக்கும் முனை பழுதான சத்தம். ஓட ஓடத் தகடு கீறும். இவை எல்லாம் சுழலும் வட்டுக்கு. எஸ்.எஸ்.டி. என்றால் சத்தமும் வராது, பாதி கிடைப்பதும் அரிது.

இன்னொரு வகைச் சேதமும் உண்டு. வட்டு நன்றாக இருக்கும். பதிவு எழுதிக்கொண்டிருந்த நொடியில் மின்சாரம் போனதால் கோப்பு பாதியில் நின்றிருக்கும். எனக்கு நேர்ந்தது இதுதான். பழுது பார்க்க வந்தவர் நல்லெண்ணத்தில் அசல் வட்டிலேயே விண்டோஸின் வட்டுச் சரிபார்ப்பை ஓட்டினார். அது முடிந்தபோது டாலி கோப்புறை காலியாக இருந்தது. அதன் இடத்தில் `FOUND.000` என்றொரு கோப்புறை, உள்ளே `FILE0000.CHK`, `FILE0001.CHK` என்று வரிசையாகப் பெயர் தெரியாத துண்டுகள். எந்தத் துண்டு எந்தப் பேரேடு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் யார் என்ன சொன்னாலும் அசலில் எதையும் ஓட்ட விடாதீர்கள். வட்டு படிக்கிறதென்றால் `C:\Users\Public\TallyPrime\data` என்ற இடத்தில் (நீங்கள் மாற்றியிருந்தால் அந்த இடத்தில்) எண்களைப் பெயராகக் கொண்ட நிறுவனக் கோப்புறையை முழுவதுமாக வேறு வட்டுக்குப் பிரதி எடுங்கள். அந்தப் பிரதிக்கும் ஒரு பிரதி எடுத்து, இரண்டாவதில் மட்டும் டாலியைத் திறந்து `Alt+Y`, பிறகு `Repair` கொடுங்கள்.

கணக்கு திறந்துகொண்டது என்பதற்காகக் கணக்கு முழுதாக வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சரிசெய்யும்போது படிக்க முடியாத பதிவுகள் விடுபட்டுப் போகலாம். மிஞ்சியவை தம்மளவில் ஒத்துப்போகும், இருப்பாய்வும் இரு பக்கமும் சமமாக நிற்கும், உங்களுக்குச் சந்தேகமே வராது. எனவே வெளியிலிருந்து ஓர் அளவுகோல் வேண்டும். செப்டம்பருக்கு அது உங்களிடம் இருக்கிறது: தாக்கல் செய்த ஜி.எஸ்.டி.ஆர்-1. அதில் பதிவு பெற்ற வியாபாரிகளுக்கான பில்கள் எத்தனை, டாலியில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். வங்கி அறிக்கையின் வரிகளையும் வங்கிக் கணக்கின் பதிவுகளையும் அப்படியே எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்தக் கோப்பை மீண்டது என்று எழுதாதீர்கள்.

இந்தச் சோதனைகள் முடிந்து, எதுவும் கிடைக்கவில்லை என்ற மோசமான நிலையை வைத்து, நானாக இருந்தால் எழுதும் கடிதம் இது:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். அக்டோபர் 15 அன்று மாலை எங்கள் அலுவலகத்தில் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து, தங்கள் கணக்குகள் இருந்த கணினி நின்றுபோனது. தொலைபேசியில் சொன்னதை இப்போது எழுத்தில் தருகிறேன்.

ஆகஸ்ட் 31 வரையிலான கணக்குகள் முழுமையாக உள்ளன. பேக்கப்பைத் திறந்து அன்றைய இருப்பாய்வை எடுத்து, தங்களுக்கு முன்பு அனுப்பிய அச்சுப் பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 15 வரை பதிந்தவை எங்களிடம் இல்லை. வட்டைத் தரவு மீட்பவரிடம் கொடுத்திருக்கிறேன். அவர் முடிவைச் சொன்ன அன்றே தங்களுக்குத் தெரிவிப்பேன். அதற்காகக் காத்திராமல் இன்றே மறுபதிவைத் தொடங்குகிறோம்.

செப்டம்பரில் பதிவு பெற்ற வியாபாரிகளுக்குச் செய்த விற்பனைகளை ஜி.எஸ்.டி. தளத்தில் நாங்கள் ஏற்றிய விவரத்திலிருந்தும், கொள்முதலைத் தங்களிடம் உள்ள பில்களிலிருந்தும், வரவு செலவை வங்கி அறிக்கையிலிருந்தும் பதிவோம். 3பி அறிக்கையை 20 ஆம் தேதிக்குள் தாக்கல் செய்வோம். அக்டோபர் விற்பனை இன்னும் எந்தத் தளத்திலும் ஏறவில்லை. அதைத் தங்கள் பில் புத்தகத்தின் கார்பன் நகல்களிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

சிலவற்றை எங்களால் தனியாக உருவாக்க முடியாது. தினசரி கல்லா விற்பனை, ரொக்கச் செலவு, ரொக்கமாக வந்த வசூல், யார் கொடுத்த பணம் எந்தப் பில்லுக்கு என்ற விவரம் ஆகியவை தங்கள் நாள் சிட்டையிலும் ரசீதுப் புத்தகத்திலும் மட்டுமே இருக்கும். அந்தப் புத்தகங்களையும் கொள்முதல் பில்களையும் பார்த்து நகல் எடுக்க, நாளை காலை கடைக்கு நானே வருகிறேன். சான்று கிடைக்காத எந்தப் பதிவையும் ஊகித்து நிரப்ப மாட்டேன். அவற்றைத் தனிப் பட்டியலாக்கித் தங்களிடம் காட்டுவேன்.

செப்டம்பர் 30 அன்று எடுக்க வேண்டிய பேக்கப்பை எடுக்காதது எங்கள் தவறு. இந்த வேலைக்கும் தரவு மீட்புக்கும் தங்களுக்குக் கட்டணம் இல்லை. அக்டோபர் 31 அன்று மறுபதிவு செய்த கணக்கையும், விடுபட்டவற்றின் பட்டியலையும் தங்களிடம் ஒப்படைப்பேன்."

இதில் சில வாக்கியங்களை ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்ல வேண்டும். நீங்கள் மாற்றும்போது அவை விழுந்துவிடக் கூடாது. "மின்னழுத்தம் உயர்ந்து, கணினி நின்றுபோனது" என்று நடந்த வரிசையைத்தான் எழுதியிருக்கிறேன். மின்னழுத்தத்தால்தான் தரவு அழிந்தது என்று எழுதவில்லை. வட்டைத் திறந்து பார்த்தவர் சொல்லும் வரை அது உங்களுக்குத் தெரியாது. ஏற்கனவே பழுதாகிக்கொண்டிருந்த வட்டு அன்று நின்றிருக்கலாம். மேலும், கணினி போனதற்கு மின்சாரம் காரணமாக இருக்கலாம். ஒன்றரை மாதத்துக்குப் பிரதி இல்லாமல் போனதற்கு அது காரணமல்ல. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்தால் வாடிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவார். பிறகு மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்.

இந்தக் கடிதத்தை அவர் மட்டும் படிக்கப்போவதில்லை. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36 ஆவது பிரிவுப்படி, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். மின்னணுப் பதிவுகளுக்கு முறையான பேக்கப் வைத்து, விபத்தில் அழிந்தால் நியாயமான காலத்துக்குள் திரும்பக் கொண்டுவர முடியும்படி பாதுகாக்க வேண்டும் என்கிறது 57 ஆவது விதி. இரண்டு கடமையும் சட்டப்படி பதிவு பெற்றவர் தலையில், அதாவது உங்கள் வாடிக்கையாளர் தலையில் இருக்கின்றன. கணக்கெழுதும் நம் தலையில் அல்ல. மூன்று ஆண்டு கழித்துத் தணிக்கைக்கு வரும் அதிகாரி, செப்டம்பர் பதிவுகள் எல்லாம் ஏன் அக்டோபர் கடைசியில் ஏறியிருக்கின்றன என்று கேட்டால், வாடிக்கையாளர் எடுத்துக் காட்டக் கூடியது இந்தக் கடிதம்தான். அதனால்தான் நாள், காலவரம்பு, எந்த ஆதாரத்திலிருந்து எது என்று கடிதத்திலேயே இருக்க வேண்டும். அவர் கையொப்பமிட்ட ஒரு நகலை வாங்கி உங்கள் கோப்பில் வையுங்கள்.

இனி மறுபதிவு. மூன்று வகையை மனத்தில் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பேக்கப்பிலிருந்து மீண்டது, வெளிச் சான்றிலிருந்து மறுபடி எழுதியது, வாடிக்கையாளரின் சொல்லை மட்டும் வைத்து எழுதியது. இவை பேரேட்டில் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. நான் செய்தது இது: மறுபடி எழுதிய ஒவ்வொரு பதிவின் விவரக் குறிப்பிலும் "மறுபதிவு" என்று எழுதி, பக்கத்தில் ஆதாரத்தையும் எழுதினேன். "மறுபதிவு, பில் நகல் 412", "மறுபதிவு, வங்கி", "மறுபதிவு, உரிமையாளர் சொன்னது". தேதியும் பில் எண்ணும் பழையவையே இருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லைத் தேடினாலே எல்லாப் பதிவும் வந்து நிற்கும்.

எவ்வளவு தூரம் இது சரியாக வரும் என்பதை ஒரே ஒரு கணக்கை வைத்துக் காட்டுகிறேன். எனக்கு நேர்ந்தபோது, கட்டட ஒப்பந்ததாரர் ஒருவரின் கணக்கில் பேக்கப் தேதியில் 84,300 ரூபாய் பாக்கி. அடுத்த மாதம் அவர் பெயரில் மூன்று பில்கள் ஜி.எஸ்.டி.ஆர்-1இல் இருந்தன, கம்பி மதிப்பு 52,000, அதற்கு 18 சதவீத வரி சேர்த்து 61,360. வங்கியில் அவரிடமிருந்து 50,000 வந்திருந்தது. ஆக 95,660 பாக்கி நிற்க வேண்டும். பாக்கியை உறுதிசெய்யக் கேட்டு அவருக்குக் கடிதம் போட்டோம். தன் கணக்குப்படி 75,660தான் என்று பதில் வந்தது. சரியாக 20,000 வித்தியாசம். கடைக்காரரின் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினோம். அடிக்கட்டையில் மங்கிய கார்பன் எழுத்தில் அவர் பெயர், 20,000, ரொக்கம். அது வங்கிக்கே போகவில்லை. அன்றைய சம்பளத்துக்குக் கல்லாவிலிருந்தே கொடுத்திருந்தார்கள். அடிக்கட்டை கிடைத்திராவிட்டால் அந்த 20,000 எங்கள் புத்தகத்தில் வராமலேயே போயிருக்கும். அதோடு அன்றைய சம்பளச் செலவும் விடுபட்டிருக்கும், லாபம் அந்த அளவுக்குக் கூடியிருக்கும். பாக்கி வைத்துள்ள ஒவ்வொருவருக்கும் உறுதிக் கடிதம் போட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். வரவேண்டியதை மட்டும் கேட்டு நின்றுவிடாமல், கொடுக்க வேண்டிய மில்காரர்களிடமும் அவர்கள் பேரேட்டின் நகலைக் கேளுங்கள். அவர்கள் தயங்காமல் அனுப்புவார்கள்.

ஜி.எஸ்.டி. தளத்தில் எல்லாம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஓரளவுதான் உண்மை உண்டு. பதிவு பெற்றவருக்குப் போட்ட பில்லின் எண், தேதி, மதிப்பு, வரி கிடைக்கும். பதிவு பெறாதவருக்குச் செய்த சில்லறை விற்பனை மாதத்துக்கு ஒரே தொகையாக, வரி விகிதப்படி மட்டும் இருக்கும். எந்த நாள் எவ்வளவு என்பது அதில் இல்லை. எனவே அன்றாட ரொக்க இருப்புக்குக் கடையின் சிட்டையைத் தவிர வேறு வழியில்லை. பொருள் விவரமும் அப்படியே. எச்.எஸ்.என். சுருக்கத்தில் 8 மி.மீ., 10 மி.மீ., 12 மி.மீ. கம்பி எல்லாம் 7214 என்ற ஒரே வரியில் அடங்கிவிடும். ஆகவே முதல் நாளே கடைக்குப் போய்ச் சரக்கை அளவு வாரியாக எடைபோட்டு எழுதிவிடுங்கள். ஆகஸ்ட் 31 இருப்போடு கொள்முதலைக் கூட்டி, எண்ணிய இருப்பைக் கழித்தால் எந்த அளவுக் கம்பி எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். நாள் தள்ளித் தள்ளிப் போய் எண்ணினால் இடையில் நடந்த விற்பனையையும் கழிக்க வேண்டிவரும். அப்போது அந்த எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. அக்டோபர் சரக்கில் தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போனவற்றுக்கு இ-வே பில் போட்டிருப்பீர்கள். அந்தப் பட்டியலைப் பதிவிறக்கி, பில் நகல்களில் ஏதும் விடுபட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள்.

3பி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஜி.எஸ்.டி.ஆர்-1 போட்டாகிவிட்டதால் விற்பனை வரி தெரியும். 14 ஆம் தேதி உருவான 2பி இருப்பதால் உள்ளீட்டு வரியும் தெரிந்ததுபோல் தோன்றும். ஆனால் 2பி என்பது சப்ளையர்கள் பில் போட்டதாகச் சொன்னதின் பட்டியல். சரக்கு உங்கள் வாடிக்கையாளரின் கடைக்கு வந்து சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது; வந்து சேராத சரக்குக்கு வரி எடுக்கவும் முடியாது. செப்டம்பர் 30 அன்று மில்லில் பில் போட்டு அக்டோபர் 2 அன்று லாரி வந்திருந்தால் அந்த வரியைச் செப்டம்பரில் எடுக்கக் கூடாது. பேரேடு இருந்திருந்தால் இது தானாகத் தெரிந்திருக்கும். இப்போது மாதக் கடைசி வாரத்துப் பில்களை மட்டுமாவது எடைச் சீட்டோடு வைத்துப் பாருங்கள். சந்தேகம் உள்ளதை இந்த மாதம் விட்டுவிட்டு அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம். சில நாட்களுக்கு வரிப்பணம் சற்றுக் கூடுதலாகக் கட்ட நேரும். அதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகும் ஏதோ ஒரு தொகை பொருந்தாமல் நிற்கும். அதை அனாமத்துக் கணக்கில் போட்டு, கடிதத்தில் வாக்களித்த பட்டியலில் காட்டுங்கள். பொருத்திக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் சில்லறைச் செலவிலோ கல்லா விற்பனையிலோ அதைச் சேர்த்துவிடத் தோன்றும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அனாமத்தில் நிற்கும் தொகைக்கு என்றாவது ஒருநாள் சான்று வரும். செலவில் கரைத்ததற்கு வராது. வந்தாலும் அதே தொகையை இரண்டாவது முறை எழுதுவீர்கள்.

என் அறிவுக்கு எல்லை உள்ள இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன். வட்டைப் பற்றி நான் சொன்னது, தரவு மீட்பவர்களின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டது. உங்கள் வட்டிலிருந்து எவ்வளவு கிடைக்கும் என்பதை அதைத் திறக்கிறவர்தான் சொல்ல முடியும். இழப்பீடு கேட்டால் எந்த அளவுக்கு நீங்கள் பொறுப்பு என்பது உங்களுக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அப்படிக் கேள்வி எழுந்தால் வழக்கறிஞரிடம் போங்கள். கட்டணம் வாங்க மாட்டேன் என்று எழுதுவதையும் உங்கள் நிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பேக்கப் எடுக்காதது என் பக்கத்துத் தவறாக இருந்ததால் நான் வாங்கவில்லை.

தரவு மீட்பவர் பாதிக் கோப்பை மீட்டுத் தந்தால், மறுபதிவு செய்த கணக்கின்மேல் அதை ஏற்றிவிடாதீர்கள். ஒவ்வொரு பில்லும் இரண்டிரண்டாக நிற்கும். அதைத் தனி நிறுவனமாகத் திறந்து வைத்துக்கொண்டு, பில் எண்ணுக்குப் பில் எண் ஒப்பிட்டு, "உரிமையாளர் சொன்னது" என்று குறித்த பதிவுகளை முதலில் பாருங்கள். சான்று கிடைத்தவற்றின் குறிப்பைத் திருத்தி, அந்தப் பட்டியலின் புதிய நகலை அவரிடம் மறுபடி கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள்.